72 விதி: வகுப்பது எளிது, எந்த வட்டியைப் போடுவது என்பதில்தான் விஷயம்

"எட்டு வருடத்தில் பணம் இரட்டிப்பு, அதாவது வருடத்துக்கு 12.5 சதவீதம்" என்று ஒரு திட்டத்தைப் பற்றி ஒருவர் சொன்னார். 72-ஐ எட்டால் வகுத்தால் எனக்கு 9 சதவீதம்தான் வருகிறது. யார் சொல்வது சரி? இந்த 72 எங்கிருந்து வந்தது, இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

*

உங்கள் 9 தான் சரி. 72-ஐ வருட வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும், வருடங்களால் வகுத்தால் வட்டி விகிதம் தெரியும் என்பதுதான் 72 விதி. துல்லியமாகப் போட்டால் 9.05 சதவீதம். மனக்கணக்குக்கு இதைவிட நெருக்கமாக எதிர்பார்க்க முடியாது.

அவர் சொன்ன 12.5 எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆயிரம் போட்டால் எட்டு வருடம் கழித்து இரண்டாயிரம் வருகிறது. லாபம் ஆயிரம். அதை எட்டால் வகுத்தால் வருடத்துக்கு 125, ஆயிரத்துக்கு 125 என்றால் 12.5 சதவீதம். வகுத்ததில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது தனி வட்டிக் கணக்கு. தனி வட்டியில் இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று பார்க்க 100-ஐத்தான் வட்டியால் வகுக்க வேண்டும், 72-ஐ அல்ல. 100-ஐ 12.5 ஆல் வகுத்தால் எட்டு. அவர் அதையே தலைகீழாகச் செய்திருக்கிறார்.

உங்கள் பணம் எட்டு வருடமும் உள்ளேயே இருக்கிறது, நடுவில் எதுவும் கைக்கு வரவில்லை என்றால் அங்கே உண்மையில் நடப்பது கூட்டு வட்டி. முதல் வருட வட்டி அசலோடு சேர்ந்து இரண்டாம் வருடம் தானும் வட்டி ஈட்டுகிறது. ஆயிரம் என்பது 9.05 சதவீதத்தில் வளரும்போது முதல் வருடம் கிடைப்பது சுமார் 90. எட்டாம் வருடம் கிடைப்பது சுமார் 166, ஏனென்றால் அதற்குள் உள்ளே இருக்கும் தொகை 1,834 ஆகியிருக்கும். எட்டு வருட வட்டியையும் கூட்டினால் ஆயிரம், சராசரி 125. ஆக 125 என்ற எண் உண்மையானதுதான். ஆனால் அது வளர்ந்துகொண்டே போன வட்டிகளின் சராசரி. அதை எடுத்து ஆரம்ப அசலான ஆயிரத்தோடு மட்டும் ஒப்பிட்டதில்தான் சதவீதம் ஊதிப்போனது.

இதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்றால், 12.5 என்று கேட்டதும் நீங்கள் அதை வேறொரு இடத்தில் கிடைக்கும் 9.5 சதவீதக் கூட்டு வட்டியோடு ஒப்பிட்டு, "இது மூன்று சதவீதம் கூட" என்று நினைத்துவிடுவீர்கள். உண்மையில் அந்த 9.5 தான் கூடுதல். 12.5 சதவீதம் நிஜமாகவே கூட்டு வட்டியாக இருந்தால் பணம் ஆறு வருடத்துக்குள்ளேயே இரட்டிப்பாகியிருக்கும். எட்டு வருட முடிவில் ஆயிரம் 2,566 ஆகியிருக்கும், 2,000 அல்ல.

காலம் நீள நீள இந்த வித்தியாசம் இன்னும் மோசமாகும். "15 வருடத்தில் மூன்று மடங்கு, வருடத்துக்கு 13.3 சதவீதம்" என்று ஒருவர் சொல்லலாம். லாபம் 200 சதவீதம், 15 ஆல் வகுத்தால் 13.3 வருகிறதே. மூன்று மடங்குக்கு 72 உதவாது, அதற்கு 114 என்ற எண் இருக்கிறது. 114-ஐ 15 ஆல் வகுத்தால் 7.6. உண்மையான கூட்டு வட்டியும் அதுவே. 13-க்கும் 7-க்கும் இடையில் ஒரு ஆளை ஏமாற்றப் போதுமான இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் 72 விதியின் பெரிய பயன் இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் இருக்கிறது. இத்தனை சதவீதத்துக்கு எத்தனை வருடம் என்று பார்ப்பதைவிட, இத்தனை வருடத்தில் இரட்டிப்பு என்று யாராவது சொன்னால் அதற்கு எத்தனை சதவீதம் என்று அந்த நொடியிலேயே தெரிந்துகொள்வதுதான் கைகொடுக்கும்.

சரி, இப்போது 72 எங்கிருந்து வந்தது என்பதற்கு வருவோம்.

1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி வெளியிட்ட கணித நூலில் இது இருக்கிறது. ஒரு முதல் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிய வேண்டுமானால் 72 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வட்டியால் வகு என்கிறார். 6 சதவீதத்தை உதாரணமாகக் காட்டி 12 வருடம் என்கிறார். ஏன் 72 என்று விளக்கவில்லை. இன்று நாம் இதை விளக்குவதற்குப் பயன்படுத்தும் மடக்கை, அதாவது லாகரிதம், ஜான் நேப்பியரின் நூலாக வெளிவந்தது 1614-இல்தான். 120 வருடம் முன்னாலேயே இந்த எண் நூலில் ஏறிவிட்டது. மடக்கை இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பல வட்டி விகிதங்களுக்கு வருடம் வருடமாகப் பெருக்கிப் பார்த்து, விகிதத்தையும் வருடத்தையும் பெருக்கினால் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய ஒரே எண் வருவதைக் கவனிப்பதுதான்.

அந்தப் பெருக்கலை ஒரு முறை நாமும் செய்து பார்க்கலாம். 8 சதவீதத்தில் ஆயிரத்தைப் போடுகிறோம். முதல் வருட முடிவில் 1,080. இரண்டாம் வருடம் 1,166. மூன்றாம் வருடம் 1,260, நான்காம் வருடம் 1,360, ஐந்தாம் வருடம் 1,469. இங்கே நின்று பாருங்கள்: பாதிக் காலம் தாண்டிவிட்டது, லாபம் இன்னும் பாதியைத் தொடவில்லை. ஆறாம் வருடம் 1,587, ஏழாம் வருடம் 1,714, எட்டாம் வருடம் 1,851. ஒன்பதாம் வருட முடிவில் 1,999. இரண்டாயிரத்துக்கு ஒன்றே ஒன்று குறைவு. 8-ஐ 9 ஆல் பெருக்கினால் 72.

மற்ற வட்டிகளுக்கும் இதே 72 தான் வருகிறதா என்றால், இல்லை. 2 சதவீதத்துக்குச் சரியான பதில் 35 வருடம், பெருக்கினால் 70. 20 சதவீதத்துக்கு 3.8 வருடம், பெருக்கினால் 76. வட்டி ஏற ஏற இந்த எண்ணும் மெல்ல ஏறுகிறது.

ஏன் ஏறுகிறது என்று புரிந்துகொண்டால் விதி முழுவதும் புரிந்துவிடும். வட்டி ஒவ்வொரு நொடியும் அசலோடு சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எந்த விகிதமாக இருந்தாலும் அந்த எண் 69.3 தான். இரண்டின் இயல் மடக்கை 0.693 என்பதால் அப்படி. ஆனால் வட்டி வருடத்துக்கு ஒரு முறைதான் சேருகிறது என்றால், அந்த வருடம் முழுக்க ஈட்டிய வட்டி வருடக் கடைசி வரை சும்மா காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பால் இரட்டிப்பு கொஞ்சம் தள்ளிப்போகிறது. வட்டி குறைவு என்றால் காத்திருக்கும் தொகையும் குறைவு, தாமதமும் குறைவு. வட்டி அதிகம் என்றால் தாமதமும் அதிகம். கணக்குப்படி ஒவ்வொரு சதவீதத்துக்கும் அந்த எண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. 69.3-இல் தொடங்கி 8 சதவீதத்துக்கு வரும்போது 72-ஐத் தொட்டுவிடுகிறது.

ஆகவே 72 என்பது 8 சதவீதத்தின் அக்கம்பக்கத்துக்கான எண். வருடத்துக்கு ஒரு முறை சேரும் வட்டி, 5-இலிருந்து 12 சதவீதம் வரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். 6 சதவீதத்துக்கு விதி 12 வருடம் என்கிறது, உண்மை 11.9. 12 சதவீதத்துக்கு விதி 6 வருடம் என்கிறது, உண்மை 6.1. இதில் தவறுவது ஒன்றிரண்டு மாதம்தான். மேலும் 72-ஐ 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24 என்று எதனாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். 71-ஆகவோ 73-ஆகவோ இருந்திருந்தால் யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேலே போகும்போது கவனம் வேண்டும். 24 சதவீதத்துக்கு விதி 3 வருடம் என்கிறது, உண்மை 3.2. 36 சதவீதத்துக்கு விதி 2 வருடம், உண்மை 2.25. இதைச் சரிசெய்ய ஒரு சுலபமான வழி இருக்கிறது: 8-க்கு மேல் ஒவ்வொரு மூன்று சதவீதத்துக்கும் 72-உடன் ஒன்றைக் கூட்டுங்கள், கீழே போனால் ஒன்றைக் கழியுங்கள். 20 சதவீதம் என்றால் 8-க்கு மேல் 12, அதாவது நான்கு மூன்றுகள். 72-உடன் 4 கூட்டினால் 76. 76-ஐ 20 ஆல் வகுத்தால் 3.8, அச்சு அசல். 2 சதவீதம் என்றால் 8-க்குக் கீழே 6, இரண்டு மூன்றுகள், 70. அதை 2 ஆல் வகுத்தால் 35, அதுவும் அச்சு அசல்.

தலைகீழாகப் போடும்போது இந்தப் பிழை வேறு மாதிரி தெரியும். மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்றால் விதி 24 சதவீதம் என்கிறது, உண்மை 26. இரண்டு வருடம் என்றால் விதி 36 என்கிறது, உண்மை 41. ஒரு வருடம் என்றால் விதி 72 என்கிறது, உண்மை நூறு என்பது உங்களுக்கே தெரியும். குறுகிய காலத்தில் இரட்டிப்பு என்று யாராவது சொன்னால் விதி காட்டும் சதவீதமே பயமுறுத்தும் அளவுக்குப் பெரியது. உண்மையில் அதைவிடவும் பெரிதாகத் தேவைப்படுகிறது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

இதுவரை சொன்னது வகுப்பது பற்றி. ஆனால் விதியை நம்பி ஏமாறுபவர்கள் வகுத்தலில் தவறு செய்வதில்லை. வகுக்கும் எண்ணைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் இருக்கும் வட்டியை எடுக்கக் கூடாது, கையில் நிற்கும் வட்டியை எடுக்க வேண்டும்.

கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முதலீடு வருடத்துக்கு 8 சதவீதம் ஈட்டுகிறது. அதை நிர்வகிக்க உள்ளே இருக்கும் மொத்தத் தொகையில் வருடத்துக்கு 2 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்க 2 சதவீதம் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். 72 விதியைப் போட்டால் அதன் எடை தெரியும். 8 சதவீதம் என்றால் 9 வருடத்துக்கு ஒரு இரட்டிப்பு. கட்டணம் போக ஏறக்குறைய 6 சதவீதம் என்றால் 12 வருடத்துக்கு ஒரு இரட்டிப்பு. 36 வருடம் விட்டு வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 9 வருடக் கணக்கில் நான்கு இரட்டிப்பு: ஆயிரம் இரண்டாயிரமாகி, நாலாயிரமாகி, எட்டாயிரமாகி, பதினாறாயிரம் ஆகிறது. 12 வருடக் கணக்கில் மூன்று இரட்டிப்புதான், எட்டாயிரத்தில் நின்றுவிடுகிறது. துல்லியமாகப் போட்டால் 15,968 மற்றும் 8,147. மனக்கணக்கு கிட்டத்தட்ட அதையே சொல்லிவிட்டது.

வருடத்துக்கு 2 சதவீதம் என்ற கட்டணம் கடைசித் தொகையில் பாதியைச் சாப்பிட்டுவிட்டது. கடைசி இரட்டிப்புதான் எப்போதும் ஆகப் பெரியது. அதுவரை சேர்ந்த அத்தனையும் சேர்ந்து எவ்வளவோ, அந்த ஒரு இரட்டிப்பு தனியாக அவ்வளவு தருகிறது. கட்டணம் பறிப்பது அந்தக் கடைசி இரட்டிப்பை. நாம் முதல் வருடத்தில் 20 போகிறதே என்று பார்த்து அலட்சியமாக விட்டுவிடுகிறோம்.

வரியும் விலைவாசியும் இதேபோலத்தான். விலைவாசிக்கு விதியை நேராகவே போடலாம்: பணவீக்கம் 6 சதவீதம் என்றால் 12 வருடத்தில் விலைகள் இரட்டிப்பாகும், அதாவது உங்கள் கையில் இருக்கும் தொகை பாதிச் சாமான்தான் வாங்கும். இப்போது 8 சதவீத வைப்பு ஒன்றில் பணம் போட்டிருக்கிறீர்கள், விலைவாசி 5 சதவீதம் ஏறுகிறது. வைப்பில் இருக்கும் எண் 9 வருடத்தில் இரட்டிப்பாகும். ஆனால் அந்தப் பணத்தின் வாங்கும் சக்தி இரட்டிப்பாக 8-இலிருந்து 5-ஐக் கழித்து 3-ஐத்தான் போட வேண்டும். 72-ஐ 3 ஆல் வகுத்தால் 24 வருடம். துல்லியமாகவும் 24.6 தான்.

இதோடு வட்டியில் பத்தில் மூன்று பங்கு வருடா வருடம் வரியாகப் போகிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 8 சதவீதம் 5.6 ஆகிறது. அதில் விலைவாசி 5-ஐக் கழித்தால் மிஞ்சுவது 0.6. 72-ஐ 0.6 ஆல் வகுத்தால் 120 வருடம். இங்கே நாம் 8-இலிருந்து மிகத் தூரம் வந்துவிட்டதாலும், கழித்துப் போட்டது ஒரு கிட்டக் கணக்கு என்பதாலும் 120-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது ஒரு அளவைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரே வைப்பு, ஒரே 8 சதவீதம். எதைக் கழித்தோம் என்பதைப் பொறுத்து 9 வருடம், 24 வருடம், ஒரு மனித ஆயுளுக்கும் மேல் என்று மூன்று பதில்கள் வருகின்றன. மூன்றும் சரியான பதில்கள்தான், கேள்விகள்தான் வேறு வேறு. யாராவது இத்தனை வருடத்தில் இரட்டிப்பு என்று சொன்னால், அது எண் இரட்டிப்பா, வரி போக இரட்டிப்பா, வாங்கும் சக்தி இரட்டிப்பா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அடுத்த பேச்சுக்குப் போகாதீர்கள்.

அப்புறம் ஏறி இறங்கும் முதலீடுகள். பங்குச் சந்தை போன்ற இடங்களில் "சராசரியாக 8 சதவீதம்" என்று சொல்வார்கள். அந்தச் சராசரி எந்தச் சராசரி என்பது முக்கியம். ஒரு வருடம் 14 சதவீதம் இறக்கம், அடுத்த வருடம் 30 சதவீதம் ஏற்றம், மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம் என்று மாறி மாறி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-இலிருந்து 14-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் சராசரி 8. விதிப்படி 9 வருடத்தில் இரட்டிப்பாக வேண்டும்.

ஆயிரத்தைப் போட்டுப் பார்ப்போம். முதல் வருடம் 860 ஆகிறது. இரண்டாம் வருடம் அந்த 860 மீது 30 சதவீதம் ஏறி 1,118 ஆகிறது. இரண்டு வருடத்துக்கு 8 சதவீதம் வீதம் வளர்ந்திருந்தால் 1,166 ஆகியிருக்க வேண்டும், 48 குறைகிறது. நான்கு வருட முடிவில் 1,250, எட்டு வருட முடிவில் 1,562. பன்னிரண்டு வருடம் முடிந்தும் 1,953 தான். இரண்டாயிரத்தைத் தாண்டுவது பதினான்காம் வருடத்தில். ஏற்றத்தை முதலிலும் இறக்கத்தை அடுத்தும் வைத்தால் ஒன்பதாம் வருடக் கடைசியில் 2,031-ஐத் தொடும்தான், ஆனால் அடுத்த வருடமே 1,747-க்கு இறங்கிவிடும். அதை இரட்டிப்பானதாகக் கணக்கில் வைக்க முடியாது.

இரண்டு வருடத்தில் 1,118 ஆக்கக்கூடிய நிலையான வட்டி 5.7 சதவீதம். 72-ஐ அதனால் வகுத்தால் 12.6 வருடம், இதுதான் நடப்புக்குப் பொருந்துகிறது. ஏற்ற இறக்கம் பெரிதாகப் பெரிதாகச் சாதாரணச் சராசரிக்கும் இந்த நிலையான விகிதத்துக்கும் இடைவெளி கூடும். ஆகவே சராசரி என்று கேட்டதும், "ஆரம்பத் தொகையிலிருந்து கடைசித் தொகைக்கு வருடா வருடம் ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தால் எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள். கூட்டு வருடாந்திர வளர்ச்சி விகிதம் என்று அறிக்கைகளில் இருக்கும் எண் அதுதான். 72-க்குக் கீழே போட வேண்டியதும் அதுதான். அந்த எண்ணும் கடந்த காலத்துடையது என்பதால், இனி எத்தனை வருடம் என்பதற்கு விதி தரும் பதில் ஒரு உத்தேசம்தான், வைப்புக்குத் தருவதுபோல் உறுதி அல்ல.

பலர் விதியைப் போடக் கூடாத ஓர் இடத்தில் போடுகிறார்கள், அது தவணைச் சேமிப்பு. 72 விதி ஒரே முறை போட்டுவிட்டு மறந்துவிடும் தொகைக்கு மட்டும். வருடத்துக்கு ஆயிரம் வீதம் ஒன்பது வருடம் 8 சதவீதத்தில் கட்டினால் மொத்தம் கட்டியது ஒன்பதாயிரம். ஒன்பதாம் வருட முடிவில் பதினெட்டாயிரம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், வருவது சுமார் 13,490. முதல் தவணை மட்டும்தான் ஒன்பது வருடம் முழுக்க வேலை செய்தது. அது கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆகிவிட்டது. கடைசித் தவணை ஒரு வருடம்தான் இருந்தது, 1,080 ஆகியிருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஒன்பது வருடம் வேண்டும். மொத்தமாகக் கட்டியது இரட்டிப்பாக வேண்டுமானால் இதே 8 சதவீதத்தில் பதினாறாம் வருடம் வரை கட்டிக்கொண்டே போக வேண்டும்.

உங்களிடம் சொல்லப்பட்ட திட்டம் ஒரே தவணையா, வருடா வருடம் கட்டுவதா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. ஒரே தவணை என்று எடுத்துக்கொண்டுதான் 9.05 என்றேன். எட்டு வருடமும் தவணை கட்டி, எட்டாம் வருட முடிவில் கட்டியதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்றால், பணம் சராசரியாக நாலரை வருடம்தான் உள்ளே இருந்திருக்கும். அதற்குத் தேவையான வட்டி 15 சதவீதத்துக்கு மேல். அப்படி ஒரு வாக்குறுதி தரப்பட்டால் அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கடைசியாகக் கடன். வருடத்துக்குப் பதில் மாதம் என்று வைத்தாலும் விதி வேலை செய்யும், விகிதமும் காலமும் ஒரே அலகில் இருந்தால் போதும். மாதம் 2 சதவீத வட்டி, கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துவிடும் என்றால் 72-ஐ 2 ஆல் வகுத்து 36 மாதம், உண்மையில் 35 மாதம். மாதம் 3 சதவீதம் என்றால் 24 மாதம், உண்மையில் 23 மாதத்தைத் தாண்டியதுமே. மாத விகிதங்கள் சிறிய எண்கள் என்பதால் 72-க்குப் பதில் 70 போட்டால் இன்னும் நெருக்கமாக வரும். இங்கே விதி காட்டுவதைவிடக் கடன் கொஞ்சம் முந்தியே இரட்டிப்பாகிவிடும் என்பதைக் கவனியுங்கள். வட்டியை மட்டும் மாதாமாதம் தவறாமல் கட்டிவந்தால் கடன் ஏறாது, 72-க்கு வேலையில்லை. அப்போது திரும்பவும் 100 தான்: மாதம் 2 சதவீதம் என்றால் 50 மாதத்தில் கட்டிய வட்டியே அசலுக்குச் சமமாகிவிடும், அசல் அப்படியே பாக்கி நிற்கும்.